வைரஸ் நோயில் ரத்தம் உறைவதும், தடுப்பூசிக்குப் பின் பிளேட்லெட் குறைந்து ரத்தம் உறைவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா நுரையீரலைத்தானே தாக்குகிறது? அதில் ரத்தம் ஏன் உறைகிறது?

நுரையீரல் என்பது காற்றுப்பைகள் மட்டும் அல்ல. ஒவ்வொரு காற்றுப்பையையும் தலைமுடியைவிட மெல்லிய ரத்த நாளங்கள் சுற்றியிருக்கின்றன. வைரஸ் காற்றுப்பையைப் புண்ணாக்கும்போது அதை ஒட்டியிருக்கும் நாளத்தின் உட்சுவரும் சேர்ந்து புண்ணாகிறது. ரத்தம் உறையும் கதை அந்த உட்சுவரில்தான் தொடங்குகிறது.

நன்றாகப் பழக்கிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாது. ஆரோக்கியமான நாளத்தின் உட்சுவரும் அப்படித்தான். ரத்தம் தன்மீது ஒட்டாமல் அது பார்த்துக்கொள்கிறது. இதற்காக அந்தச் சுவரின் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் போன்ற பொருள்களை ஓயாமல் சுரக்கின்றன. கடுமையான அழற்சி வந்ததும் இந்தச் சுரப்பு குறைகிறது. அதோடு, வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீண்ட புரத இழையை அந்தச் செல்கள் வெளியே விடுகின்றன. அது பிளேட்லெட்டுகளைப் பிடித்து நிறுத்தும் இழை.

அடுத்தது வெள்ளை அணுக்களின் பங்கு. மோனோசைட் என்ற வகை, ரத்த உறைவைத் தொடங்கிவைக்கும் 'திசுக் காரணி'யைத் தன் மேற்பரப்பில் ஏந்திக்கொள்கிறது. நியூட்ரோஃபில் என்ற வகை தன் டி.என்.ஏ.வையே வலைபோல வெளியே வீசுகிறது. கிருமியைப் பிடிக்க வீசிய அந்த வலையில் பிளேட்லெட்டுகளும் சிவப்பணுக்களும் சிக்கிக் கட்டியாகின்றன. இதே நேரத்தில் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிச் செய்தி கல்லீரலை எட்டுகிறது. கல்லீரல், உறைகட்டியின் நாரான ஃபைப்ரினாக மாறும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை அதிகமாக உற்பத்தி செய்கிறது, ரத்தம் தடிக்கிறது. இவை போதாதென்று நோயாளி நாள்கணக்கில் படுத்தே கிடக்கிறார், காய்ச்சலில் உடல் நீர் வற்றுகிறது, காலிலிருந்து ரத்தம் மெதுவாக ஏறுகிறது.

சுவர் கெடுவது, ரத்தத்தின் தன்மை மாறுவது, ஓட்டம் மந்தமாவது ஆகிய மூன்றும்தான் ரத்தம் உறையக் காரணம் என்பது 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரோடு வழங்கும் பழைய பாடம். கடுமையான கொரோனாவில் மூன்றும் ஒரே வாரத்தில் ஒரே உடலில் சேர்ந்துவிடுகின்றன. 2020-இல் வெளியான ஒரு பிரேதப் பரிசோதனை ஆய்வு, கொரோனாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் இன்ஃபுளுயன்சாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் ஒப்பிட்டது. நுண்ணிய நாளங்களில் உறைகட்டிகள் இரு தரப்பிலும் இருந்தன. கொரோனா நுரையீரல்களில் அவை சுமார் 9 மடங்கு அதிகம்.

இது கொரோனாவுக்கு மட்டும்தானா, சாதாரண ஃபுளூவிலும் உண்டா?

ஃபுளூவிலும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வகத்தில் உறுதிசெய்யப்பட்ட இன்ஃபுளுயன்சா நோயாளிகளை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே மனிதரின் மற்ற காலத்தோடு ஒப்பிட்டால், ஃபுளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்காக இருந்தது. இதயத் தமனியில் ஏற்கெனவே கொழுப்புப் படிவு உள்ளவருக்குக் காய்ச்சல் வரும்போது, அந்தப் படிவு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைவதே இதற்கு முக்கியக் காரணம். வயதானவர் ஃபுளூவிலிருந்து தேறும் வாரத்தில் "நெஞ்சு அடைக்கிறது" என்றால், அதைக் காய்ச்சலின் அசதி என்று விட்டுவிடக் கூடாது.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த டெங்கு வேறு வழியில் போகிறது. அதில் பிளேட்லெட் குறையும், நாளங்களிலிருந்து நீர் கசியும், சிலருக்கு ரத்தக்கசிவு வரும். பெரிய நாளத்தில் ரத்தம் உறைவது டெங்குவின் வழக்கமான முகம் அல்ல. 'பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் கசியும்' என்ற பாடம் நம் மனதில் பதிந்தது டெங்குவால்தான். கீழே வரும் அரிய தடுப்பூசி விளைவைப் புரிந்துகொள்ள அந்தப் பாடத்தைச் சற்றே தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி கட்டி வராது அல்லவா?

உடனே அப்படிச் சொல்ல முடியாது. சுவீடனில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளின் தேசியப் பதிவேடுகளை ஆராய்ந்ததில், கால் நரம்பில் உறைகட்டி வரும் ஆபத்து 3 மாதம் வரையும், அது நுரையீரலில் போய் அடைக்கும் ஆபத்து 6 மாதம் வரையும் கூடுதலாகவே இருந்தது. முதல் 30 நாட்களில்தான் ஆபத்து உச்சம். நோய் எவ்வளவு கடுமையோ, அந்த அளவுக்கு ஆபத்தும் கூடியது. வீட்டிலேயே குணமானவர்களுக்கும் கொஞ்சம் கூடியிருந்தது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலிப்பது. திடீரென்று மூச்சு வாங்குவது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது. இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். "பயமாக இருக்கிறது, ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறேன்" என்று பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆஸ்பிரின் இந்த வகை உறைகட்டியைத் தடுக்க உகந்த மருந்து அல்ல. வயிற்றில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து மட்டும் நிச்சயம் கூடும்.

டி-டைமர் கூடுதலாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. உடம்பில் எங்கோ கட்டி இருக்கிறது என்று அர்த்தமா?

அந்த ஓர் எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உறைந்த ஃபைப்ரினை உடல் கரைக்கும்போது சிதறும் துண்டுதான் டி-டைமர். காய்ச்சல், கர்ப்பம், அறுவை சிகிச்சை, புற்றுநோய், முதுமை எல்லாவற்றிலும் அது ஏறும். அறிகுறி இல்லாதவர் வெறும் பயத்தில் எடுத்துப் பார்த்தால் கிடைப்பது பெரும்பாலும் குழப்பம்தான். 2021-இல் எத்தனையோ குடும்பங்கள் இந்த ஓர் எண்ணால் தூக்கம் இழந்தன.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அலகைப் பாருங்கள். ஒரு லேப் 500 என்றும் இன்னொன்று 0.5 என்றும் போடும். நானோகிராமில் ஒன்று, மைக்ரோகிராமில் மற்றொன்று, அளவு ஒன்றுதான். இது போதாமல், ஃபைப்ரினோஜன் சமன அலகு, டி-டைமர் அலகு என்று இரண்டு கணக்குகளும் உண்டு. முதலாவது இரண்டாவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு காட்டும். ஆகவே இரண்டு லேப்களின் ரிப்போர்ட்டை அருகருகே வைத்து "ஏறிவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள். 50 வயதைத் தாண்டியவருக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை மேல்வரம்பாக வைப்பது வழக்கம். 70 வயதுக்கு 700 நானோகிராம்.

கோவிஷீல்டு போட்டால் ரத்தம் உறையும் என்று கம்பெனியே கோர்ட்டில் ஒப்புக்கொண்டதாமே?

2024-இல் பிரிட்டன் நீதிமன்றத்தில் அஸ்ட்ராஜெனெகா தாக்கல் செய்த ஆவணத்தில், மிக அரிதாகத் தன் தடுப்பூசியால் பிளேட்லெட் குறைவோடு கூடிய ரத்த உறைவு வரக்கூடும் என்று சொன்னது உண்மை. அந்தத் தடுப்பூசியைத்தான் புனேயின் சீரம் நிறுவனம் கோவிஷீல்டு என்ற பெயரில் தயாரித்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல வீடுகளில் இது போடப்பட்டிருப்பதால், அந்தச் செய்தி வந்த வாரத்தில் எழுந்த பதற்றம் எனக்குப் புரிகிறது.

ஆனால் அது 2024-இல் வெளிப்பட்ட ரகசியம் அல்ல. 2021 மார்ச்சிலேயே ஐரோப்பாவில் சந்தேகம் எழுந்து, டென்மார்க் 11-ஆம் தேதி அந்தத் தடுப்பூசியை நிறுத்திவைத்தது. ஏப்ரல் 7-இல் ஐரோப்பிய மருந்து முகமை, இதை மிக அரிய பக்கவிளைவாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அறிவித்தது. அதே நாளில் பிரிட்டன் 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு வேறு தடுப்பூசி தரச் சொன்னது. மே மாதம் அந்த வரம்பை 40 ஆக்கியது. ஏப்ரல் 9-இல் ஜெர்மனி–ஆஸ்திரியா நோயாளிகள் 11 பேரையும் நார்வே நோயாளிகள் 5 பேரையும் பற்றிய இரண்டு கட்டுரைகள் வெளியாகி, காரணமான ஆன்டிபாடியையும் காட்டிவிட்டன. இந்தியாவில் மத்திய அரசின் பக்கவிளைவுக் குழு 2021 மே 17-இல் அறிக்கை தந்தது. தீவிரமானவை என்று ஆராய்ந்த 498 நிகழ்வுகளில் 26, ரத்தம் உறைந்ததாக இருக்கக்கூடியவை. 10 லட்சம் டோசுக்கு 0.61 என்று கணக்கிட்டது. தடுப்பூசி போட்ட 20 நாட்களுக்குள் வரும் அறிகுறிகளைக் கவனிக்கவும் அப்போதே அறிவுறுத்தியது.

அந்த அறிவுறுத்தல் ஊசி போட்டு முடித்து வெளியே வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மறைக்கப்பட்டது என்ற கோபம் 2024-இல் அவ்வளவு எளிதாகப் பற்றிக்கொண்டதற்குக் காரணம், 2021-இல் சொன்னது மக்களிடம் போய்ச் சேராததுதான் என்று நினைக்கிறேன்.

தடுப்பூசியால் வரும் உறைவும் கொரோனாவால் வரும் உறைவும் ஒன்றுதானே?

இல்லை. முடிவு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பாதை வேறு, பரிசோதனை வேறு, சிகிச்சையும் வேறு. இந்த வேறுபாடு தெரியாவிட்டால் உயிர் போகும், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிளேட்லெட்டுக்குள் சிறு பைகளில் பி.எஃப்.4 என்ற புரதம் இருக்கிறது. நான்கு ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்த, நேர்மின்னூட்டம் மிகுந்த புரதம் அது. பிளேட்லெட் தூண்டப்படும்போது வெளியே கொட்டும். எதிர்மின்னூட்டம் உள்ள எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. ஹெப்பரின் என்ற மருந்து எதிர்மின்னூட்டம் உள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலி. சில நோயாளிகளுக்கு ஹெப்பரினும் பி.எஃப்.4-உம் சேர்ந்த கூட்டுப்பொருளை உடல் அந்நியமாக நினைத்து ஆன்டிபாடி செய்துவிடும். ஹெப்பரின் தருவதே ரத்தம் உறையாமலிருக்க, இவர்களுக்கோ அதனாலேயே ரத்தம் உறையும். மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக அறிந்த சிக்கல் இது.

2021-இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் கிரைனாஹரின் குழு பார்த்த நோயாளிகள் ஹெப்பரினே எடுக்காதவர்கள். ஆனாலும் அவர்கள் ரத்தத்தில் பி.எஃப்.4-க்கு எதிரான வலுவான ஆன்டிபாடி இருந்தது. அவர்களுக்குப் போட்ட அஸ்ட்ராஜெனெகா, சளி வைரஸ் வகையான அடினோவைரஸைச் சுமையேற்றும் வண்டியாகப் பயன்படுத்தும் தடுப்பூசி. அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் தடுப்பூசிக்குப் பிறகு இதே நோய் வந்தபோது, அதுவும் அடினோவைரஸ் தடுப்பூசியாகவே இருந்தது. அடினோவைரஸ் இல்லாத எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளிலோ கோவாக்சினிலோ இந்த அமைப்பு இப்படித் தொடர்ந்து தெரியவில்லை. பார்வை அடினோவைரஸ் பக்கம் திரும்பியது அதனால்தான்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், இந்த ஆன்டிபாடி பி.எஃப்.4-இல் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். வழக்கமாக ஹெப்பரின் போய் ஒட்டும் அதே இடம். அதனால் ஹெப்பரின் இல்லாமலேயே பல பி.எஃப்.4 மூலக்கூறுகள் ஆன்டிபாடிகளோடு கோத்துக்கொண்டு பெரிய கொத்தாகின்றன. ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று பிளேட்லெட்டின் மேல் உண்டு. கொத்து அதில் மாட்டியதும் பிளேட்லெட் தூண்டப்பட்டு, இன்னும் பி.எஃப்.4-ஐக் கொட்டுகிறது. அது மேலும் கொத்துகளை உண்டாக்குகிறது. நியூட்ரோஃபில்களும் தூண்டப்பட்டு வலை வீசுகின்றன. தொடங்கிவிட்டால் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் சுழல் இது. வைரஸ் நோயில் அழற்சி தணிந்தால் உறைவும் தணியும். இங்கே ஆன்டிபாடியை முடக்கினால்தான் நிற்கும்.

ஊசிக்கு அடுத்த நாள் வராமல் 5 நாள் கழித்து வருவதும் இதனால்தான். ஆன்டிபாடி உருவாக அவகாசம் வேண்டும்.

பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் கசியத்தானே செய்யும்? உறைவது எப்படி?

பிளேட்லெட் எப்படிக் குறைந்தது என்று கேட்டால் விடை கிடைக்கும். டெங்குவில் எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைக்கிறது, இருப்பவையும் அழிகின்றன. இங்கே பிளேட்லெட்டுகள் உறைகட்டி கட்டுவதிலேயே செலவாகிவிடுகின்றன. குறைவு என்பது உறைவு மும்முரமாக நடப்பதன் கணக்கு. ஃபைப்ரினோஜனும் அதே வழியில் செலவாகிக் குறைகிறது, டி-டைமர் வானளவு ஏறுகிறது. கடுமையான கொரோனாவில் பெரும்பாலும் பிளேட்லெட் இயல்பாகவோ கொஞ்சம் குறைந்தோ இருக்கும், ஃபைப்ரினோஜன் கூடியிருக்கும். மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவருக்கு இரண்டும் வெவ்வேறு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இருந்தாலும், மூளையிலிருந்து ரத்தம் வடியும் சிரை நாளத்தில் அடைப்பு முற்றினால் பின்னால் அழுத்தம் ஏறி அங்கே ரத்தக்கசிவும் வரும். உறைவும் கசிவும் ஒரே தலைக்குள் நடப்பதுதான் இந்த நோயைச் சிகிச்சைக்கு இவ்வளவு கடினமாக்குகிறது.

தலைவலி எல்லோருக்கும்தான் வருகிறது. இந்த நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இவர் உண்மையான ஒரு நோயாளி அல்லர். வெளியான மருத்துவ அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன்.

35 வயதுப் பெண், எடை 60 கிலோ, வேறு நோய் இல்லை. அடினோவைரஸ் வகைத் தடுப்பூசியின் முதல் டோஸ் போட்ட அன்றிரவு காய்ச்சல், உடல்வலி, தலைவலி. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இந்தத் தலைவலி எல்லோருக்கும் வருவது, கவலைக்குரியது அல்ல. 9-ஆம் நாள் புதிதாக ஒரு தலைவலி தொடங்குகிறது. பாராசிட்டமால் கேட்கவில்லை, படுத்தால் கூடுகிறது, 10-ஆம் நாள் வாந்தி, பார்வை மங்கல், காலில் சிறு சிவப்புப் புள்ளிகள். விலகி மீண்டும் வந்த தலைவலி, 5-ஆம் நாளுக்குப் பிறகு தொடங்கிய தலைவலி, இதுதான் மணி அடிக்க வேண்டிய இடம்.

முதலில் செய்ய வேண்டியது எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் கிடைக்கும் ரத்த அணுக்கள் எண்ணிக்கை. இவருக்குப் பிளேட்லெட் 25,000 வருகிறது. இயல்பின் கீழ்வரம்பு 1,50,000. டி-டைமர் 20,000 நானோகிராமுக்கு மேல், ஃபைப்ரினோஜன் குறைவு. சாதாரண சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. நரம்புக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. வீனோகிராம் அல்லது எம்.ஆர். வீனோகிராமில்தான் மூளையின் சிரை நாளத்தில் அடைப்பு தெரியும்.

கடைசியாக உறுதிசெய்யும் பரிசோதனை, பி.எஃப்.4 ஆன்டிபாடி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹெப்பரின் சிக்கலுக்காக ஆய்வகங்களில் இருக்கும் விரைவுச் சோதனைகள் பலவும் இந்த ஆன்டிபாடியைத் தவறவிடுகின்றன. 'இல்லை' என்று விரைவுச் சோதனை சொன்னாலும் எலிசா என்ற ஆய்வக முறையில் செய்து பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் உறுதி என்று வகைப்படுத்த வைத்திருந்த நிபந்தனைகள் இவை: ஊசி போட்டு 5 முதல் 30 நாள், கால் அல்லது நுரையீரல் அடைப்பு மட்டும் என்றால் 42 நாள் வரை, உறைகட்டி, பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழ், டி-டைமர் 4,000-க்கு மேல், எலிசாவில் ஆன்டிபாடி. ஸ்கேனில் கட்டி தெரியும் முன்பே கடும் தலைவலியோடு பிளேட்லெட் குறைந்து வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஓரிரு நாளில் கட்டி தோன்றக்கூடும், ஆகவே காத்திருக்காமல் சிகிச்சை தொடங்குவதே சரி. வயிற்றுச் சிரைகளிலும் அடைப்பு வரலாம். அப்போது தலைவலிக்குப் பதில் விடாத வயிற்றுவலி இருக்கும்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறதா? ஹெப்பரின் கொடுக்கக் கூடாது என்கிறார்களே?

இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் பலன் தருகிறது. மேலே சொன்ன பெண்ணுக்கு முதலில் வேண்டியது நரம்புவழி இம்யூனோகுளோபுலின், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம், ஆக 60 கிராம், தேவைப்பட்டால் மீண்டும். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த இந்த ஆன்டிபாடிகள் பிளேட்லெட்டின் ஏற்பியை நிறைத்துக்கொள்ளும். நோய்க் கொத்துகளுக்கு மாட்ட இடமிருக்காது. பலருக்கு ஓரிரு நாளில் பிளேட்லெட் ஏறத் தொடங்கும். பிளேட்லெட் 30,000-க்குக் கீழே இருந்தாலோ மூளையில் அடைப்பு விரிந்திருந்தாலோ, கெட்ட ஆன்டிபாடியையே வடித்தெடுக்கும் பிளாஸ்மா மாற்று சிகிச்சையும் செய்வார்கள்.

ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தும் உடனே வேண்டும். இந்த ஆன்டிபாடி ஹெப்பரினால் வரும் சிக்கலைப் போலவே இருப்பதால், தொடக்கத்தில் ஹெப்பரினைத் தவிர்க்கச் சொன்னார்கள். ஹெப்பரின் பெற்ற எல்லோருக்கும் நிலைமை மோசமாகவில்லை என்று பின்னர் தெரிந்தாலும், அர்கட்ரோபன், ஃபோண்டாபாரினக்ஸ், அபிக்சபன் போன்ற மாற்று மருந்துகள் இருக்கும்போது அவையே முதல் தேர்வு.

இன்னொரு தவறு, நம் ஊரில் எளிதில் நடக்கக்கூடியது. பிளேட்லெட் 25,000 என்று பார்த்ததும் டெங்கு நினைவில் பிளேட்லெட் ஏற்றிவிடுவது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலொழிய அதைத் தவிர்க்க வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையும் உறைவுக்கே தீனியாகலாம்.

2021 ஆகஸ்டில் வெளியான பிரிட்டன் தொகுப்பில் உறுதியான அல்லது பெரும்பாலும் உறுதியான 220 நோயாளிகளில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். நோயை அடையாளம் காணாத முதல் வாரங்களின் அறிக்கைகளில் இறப்பு இதைவிட மிக அதிகம். நோய் இன்னதென்று மருத்துவர்களுக்குத் தெரிந்ததே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

அப்படியானால் எது பெரிய ஆபத்து, ஊசியா நோயா?

பிரிட்டன் தொகுப்பின்படி, 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 50,000 பேருக்கு ஒருவர், 50-ஐத் தாண்டியவர்களில் 1,00,000 பேருக்கு ஒருவர் இந்த நோய்க்கு ஆளானார்கள். பெரும்பாலும் முதல் டோசுக்குப் பிறகு. இந்தியாவில் பதிவானது இதைவிடக் குறைவு.

இங்கிலாந்தில் சுமார் 2.9 கோடி பேரின் தரவை ஆராய்ந்து வந்த 2021 ஆய்வு இப்படிச் சொன்னது. ஒரு கோடிப் பேரில் அஸ்ட்ராஜெனெகாவுக்குப் பின் கூடுதலாகச் சிரைகளில் ரத்தம் உறைந்தது 66 பேருக்கு. கொரோனா தொற்றுக்குப் பின் 12,614 பேருக்கு. மூளைச் சிரை அடைப்பு மட்டும் பார்த்தால், ஊசிக்குப் பின் கூடுதலாக 7, தொற்றுக்குப் பின் 20.

மூளைச் சிரை கணக்கில் இடைவெளி குறுகிவிடுவதைக் கவனியுங்கள். 25 வயது ஆரோக்கியமானவருக்குக் கொரோனாவே லேசாக வரும், அவருக்கு வேறு தடுப்பூசியும் கிடைக்கும் என்றால், இந்த ஊசியைத் தவிர்ப்பது நியாயம். பிரிட்டன் எடுத்தது அந்த முடிவைத்தான். 65 வயதுச் சர்க்கரை நோயாளிக்கு 2021 மே மாதத்தில், மருத்துவமனையில் படுக்கையே கிடைக்காத நாளில், கைக்கு எட்டிய ஊசி கோவிஷீல்டு என்றால் போட்டுக்கொள்வதுதான் நியாயம். இரண்டு முடிவுகளும் ஒரே கணக்கிலிருந்து வந்தவை.

நான் 2021-இல் கோவிஷீல்டு போட்டேன். இன்னும் வருமா? இளைஞர்கள் திடீரென்று மாரடைப்பில் போகிறார்களே?

இந்த நோய் உங்களுக்கு வர வேண்டுமென்றால் 2021-இலேயே, ஊசி போட்ட சில வாரங்களில் வந்திருக்கும். ஆண்டுகள் கழித்துத் திடீரென்று தோன்றுவது இதன் இயல்பு அல்ல. நோய் வந்தவர்களிலேயே பெரும்பாலானோருக்கு, பிளேட்லெட்டைத் தூண்டும் ஆன்டிபாடி சில மாதங்களில் மறைந்துவிட்டது. ஆகவே இப்போது டி-டைமர் எடுப்பதும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கேட்பதும் தேவையில்லை.

இளவயதுத் திடீர் மரணங்களை நம் ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று, 47 மருத்துவமனைகளில் 18 முதல் 45 வயது வரை திடீரென இறந்த 729 பேரையும் ஒப்பீட்டுக்கு 2,916 பேரையும் எடுத்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு அது. தடுப்பூசி அந்த மரணங்களைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், மரணத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிய குடி, வழக்கத்துக்கு மீறிய கடும் உடலுழைப்பு ஆகியவைதான் தொடர்புடையவையாகத் தெரிந்தன.

எனக்கு முன்பே காலில் ரத்தக்கட்டி வந்திருக்கிறது. இந்த அரிய நோய் எனக்கு வர வாய்ப்பு கூடுதலா?

அப்படித் தெரியவில்லை. சாதாரண உறைகட்டியின் காரணங்கள் வேறு, இந்த ஆன்டிபாடியின் காரணம் வேறு. ஆனால் கடுமையான வைரஸ் காய்ச்சலில் உங்கள் முன்வரலாறு முக்கியம். மருத்துவமனையில் சேரும்போது முதல் நாளே அதைச் சொல்லுங்கள்.

தடுப்பூசியே போடாதவருக்கு இந்த நோய் வருமா?

மிக அரிதாக வரும். சாதாரண அடினோவைரஸ், அதாவது சளி, தொண்டைவலி, கண்வலி தரும் வைரஸ், இயற்கையாகத் தொற்றியபின் இதே ஆன்டிபாடியோடு பிளேட்லெட் குறைந்து ரத்தம் உறைந்த நோயாளிகளைப் பற்றி 2023-இல் அமெரிக்க, கனடிய மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் 5 வயதுச் சிறுவன். வைரஸ் உறைவு ஒரு பக்கம், தடுப்பூசி உறைவு மறு பக்கம் என்று நாம் போட்டுவைத்த கோடு அங்கே கலைந்தது. தடுப்பூசியிலுள்ள அடினோவைரஸ் மட்டுமல்ல, ஊருக்குள் பரவும் அடினோவைரஸ் தொற்றும் சிலர் உடலில் இந்தத் தவறான ஆன்டிபாடியை எழுப்பக்கூடியது என்று தெரிந்தது.

இதனால் ஊசிக் காலம் முடிந்த பிறகும் இந்தப் பரிசோதனைக்கு வேலை இருக்கிறது. சளிக்காய்ச்சல் வந்து ஓரிரு வாரம் ஆனவர் விடாத தலைவலியோடு வருகிறார், டெங்கு சோதனை இல்லை என்கிறது, பிளேட்லெட் குறைந்திருக்கிறது, டி-டைமர் பல ஆயிரம் என்றால், பிளேட்லெட் ஏற்றுவதற்கு முன் மூளைச் சிரைகளின் ஸ்கேனையும் எலிசா முறையில் பி.எஃப்.4 ஆன்டிபாடியையும் மருத்துவர் யோசிக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் தொடங்குவதற்கு முன்பே ரத்த மாதிரியை எடுத்துவைத்துவிட வேண்டும், ஏனென்றால் அது ஏறியபின் எடுக்கும் மாதிரியில் முடிவு குழம்பிவிடும்.